களமா, டிரையரா? அளவில் ஒட்டாத இரண்டு திட்டங்களில் எதை முதலில் வைப்பது

அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி மில் நடத்தும் ஒரு அண்ணாச்சி இரண்டு கொட்டேஷன்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் சிறு தொழில்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பவன். முதல் கொட்டேஷன் 2 லட்சம். மில்லின் சிமெண்ட் களத்தைக் கொத்தியெடுத்து, தண்ணீர் வடிகிற மாதிரி வாட்டம் கொடுத்துத் திரும்பப் போட்டு, நல்ல தார்ப்பாய்களும் வாங்குவது. இரண்டாவது 20 லட்சம். உமி அடுப்பில் ஓடும் நெல் டிரையர்.

இரண்டுமே ஒரே தொல்லைக்கு மருந்து. கார் அறுவடை நெல் மில்லுக்கு வந்து சேரும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் பிடிக்கும். நெல்லை அவித்துவிட்டால் அன்றே காயப்போட வேண்டும், இல்லையென்றால் வாடை வந்துவிடும். அதனால் மழை நாளில் அவிப்பதே இல்லை, மில் சும்மா நிற்கிறது.

போட்ட பணம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் வருவாய் தருகிறது என்று காட்டும் ஐஆர்ஆரை இரண்டுக்கும் போட்டுப் பார்த்தேன். களத்துக்கு 28.65%, டிரையருக்கு 18.72%. "அப்பம் களந்தானே தம்பி? ரூவாய்க்கு ரூவா அதுல்லா கூடத் தருது" என்றார் அண்ணாச்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முடிவு தப்பு. ஏன் தப்பு, சரியான விடைக்கு எப்படிப் போவது என்பதை அவருக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். தொகைகளைக் கணக்குப் புரிவதற்காக முழு எண்களாக்கியிருக்கிறேன், வரியையும் சேர்க்கவில்லை. உங்கள் கொட்டேஷனில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது: இரண்டையும் செய்ய முடியுமா?

களம், டிரையர் இரண்டும் தனித்தனியாகப் பலன் தருமானால் வரிசையே தேவையில்லை. இரண்டும் பணத்தின் செலவைத் தாண்டி, அதாவது கடன் வட்டியையும் கைக்காசுக்கு எதிர்பார்க்கும் வருவாயையும் தாண்டி, வருமானம் தருகின்றன என்றால் இரண்டையும் செய்துவிட வேண்டியதுதான். ஒன்றைச் செய்தால் மற்றதற்கு வேலை இல்லாமல் போகும்போதுதான் எது மேல் என்ற கேள்வியே வருகிறது.

இங்கே அப்படித்தான். களத்தைச் சரிசெய்தால் மழை விட்டதும் சீக்கிரம் வடிந்து காய்கிறது, வருடத்துக்கு 5 வேலை நாள் மிச்சம். டிரையர் போட்டால் 45 நாள் மிச்சம். இரண்டையும் செய்தால் 50 நாள் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. களம் மீட்டுத் தரும் அந்த 5 நாளும் டிரையரின் 45க்குள்ளேயே அடக்கம். ஆகவே ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

இதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். நான் பார்த்த தவறான வரிசைகளில் பல, இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

வருடப் பணவரவை எழுதுவது

ஒரு நாளில் 120 மூட்டை நெல். உமி, கரண்ட், கூலி எல்லாம் போக மூட்டைக்கு 150 ரூபாய் நிற்கிறது என்று வைத்தோம். அப்படியானால் மீட்கும் ஒவ்வொரு நாளும் 18,000 ரூபாய்.

களத்துக்கு 5 நாள், 90,000 ரூபாய். அதில் தார்ப்பாய் தேய்மானத்துக்கும் ஒட்டு வேலைக்கும் 10,000 போனால் வருடம் 80,000. டிரையருக்கு 45 நாள், 8,10,000 ரூபாய். பராமரிப்பு, ஆபரேட்டர் சம்பளம் என்று 1,60,000 கழித்தால் வருடம் 6,50,000. இரண்டுக்கும் 5 வருடம் எடுத்துக்கொண்டோம். டிரையர் அதற்கு மேலும் ஓடும், விற்றாலும் ஏதாவது கிடைக்கும். அதைச் சேர்க்காமல் விட்டது டிரையருக்குப் பாதகம். அது இருக்கட்டும், பாதகத்தோடேயே பார்ப்போம்.

இந்த இடத்தில் புதியவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். புத்தகத்தில் எழுதும் தேய்மானச் செலவைப் பணவரவிலிருந்து கழிக்கிறார்கள். அது கையை விட்டுப் போகும் பணம் இல்லை. போக வேண்டிய 20 லட்சத்தைத் தொடக்கத்திலேயே கழித்தாயிற்று. அப்புறம், கடன் வட்டியையும் கழித்துவிட்டு மீதிக்குத் தள்ளுபடி போடுகிறார்கள், அதாவது வரும் வருடங்களின் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கிறார்கள். பணத்தின் செலவு தள்ளுபடி விகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு இடத்திலும் கழித்தால் ஒரே வட்டியை இரண்டு தடவை கட்டிய மாதிரி ஆகும், அதிலும் பெரிய திட்டம்தான் அதிகம் அடிபடும்.

விகிதம்

அண்ணாச்சியின் கைக்காசு 8 லட்சம், வங்கிக் கடன் 12 லட்சம். கடனுக்கு 11%. கைக்காசைத் தொழிலில் போடுவதற்கு அவர் எதிர்பார்ப்பது 13.5%. இருபதில் பன்னிரண்டு பங்கு 11%, எட்டு பங்கு 13.5% என்று சேர்த்தால் 12% வருகிறது. இரண்டு திட்டமும் அதே மில், அதே நெல், அதே மழை. அதனால் இரண்டுக்கும் இந்த 12% தான்.

இரண்டு எண்களையும் எடுப்பது

என்பிவி என்பது நிகர தற்போதைய மதிப்பு. வரும் வருடங்களின் பணத்தை 12% தள்ளுபடியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, இன்று போடும் பணத்தை அதிலிருந்து கழித்தால் நிற்பது. ஒரு வருடம் கழித்து வரும் ரூபாய் இன்றைக்கு 89 காசு, ஐந்து வருடம் கழித்து வரும் ரூபாய் 57 காசு. ஐந்து வருடமும் வருடத்துக்கு ஒரு ரூபாய் வந்தால் இன்றைய மதிப்பு 3.6048 ரூபாய்.

ஐஆர்ஆர் என்பது உள்ளார்ந்த வருவாய் விகிதம். எந்தத் தள்ளுபடி விகிதத்தில் என்பிவி சரியாகச் சுழியம் ஆகிறதோ, அந்த விகிதம்.

ஒரு ஷீட்டில் B பத்தியில் களம், C பத்தியில் டிரையர் என்று வையுங்கள். 2ஆம் வரியில் இன்று போடும் பணம், கழித்தல் குறியோடு. 3 முதல் 7 வரை ஐந்து வருட வரவு.

```
=NPV(12%,B3:B7)+B2
=NPV(12%,C3:C7)+C2
=IRR(B2:B7)
=IRR(C2:C7)
```

`NPV` தனக்குள் வரும் முதல் எண்ணையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் 2ஆம் வரியை அடைப்புக்குறிக்குள் விடாமல் வெளியே கூட்ட வேண்டும். `NPV(12%,C2:C7)` என்று போட்டால் டிரையருக்கு 3,06,343 வரும். சரியான விடை 3,43,105. தப்பான எண்ணைச் சரியான எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1-ஐ 1.12-ஆல் வகுத்தால் வருவதே வந்தால் இந்தத் தவறுதான் நடந்திருக்கிறது. `IRR` அப்படி இல்லை, அதற்கு 2ஆம் வரி உள்ளேயே வேண்டும்.

களத்துக்கு என்பிவி 88,382 ரூபாய், ஐஆர்ஆர் 28.65%. டிரையருக்கு என்பிவி 3,43,105 ரூபாய், ஐஆர்ஆர் 18.72%. ஒரு எண் களத்தை மேலே வைக்கிறது, மற்றது டிரையரை. ஷீட்டில் தவறு எதுவும் இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. போட்ட ஒரு ரூபாய் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை ஐஆர்ஆர் சொல்கிறது, எத்தனை ரூபாய் அப்படி வளர்கிறது என்று அது சொல்வதே இல்லை. மில்லின் மதிப்பு எத்தனை ரூபாய் கூடுகிறது என்பதை என்பிவி சொல்கிறது.

மீதி 18 லட்சம் எங்கே போகிறது?

விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. அண்ணாச்சியிடம் கேட்டேன்: "களத்துக்கு 2 லட்சம் போக, மீதி 18 லட்சத்தை என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

"அதுல 12 லட்சம் கடன், வாங்கவே மாட்டேன். 6 லட்சம் நம்ம துட்டு, எதுலயாவது போடணும்."

வாங்காத கடன் 11% வட்டியை மிச்சப்படுத்துகிறது. கைக்காசு 13.5% எதிர்பார்க்கிறது. சேர்த்துப் பார்த்தால் அந்த 18 லட்சத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 12% தான். 28.65% கிடைப்பது முதல் 2 லட்சத்துக்கு மட்டும். மில்லில் களம் ஒன்றுதான் இருக்கிறது. அதே மாதிரி இன்னும் ஒன்பது களம் இருந்து, ஒவ்வொன்றும் ஐந்தைந்து நாள் தனியாக மீட்டுத் தந்தால் நிச்சயமாக டிரையரை விட்டுவிட்டுப் பத்துக் களத்தையும் போடலாம். அப்படி இல்லை.

ஆகவே 2 லட்சத்தை 20 லட்சத்தோடு ஒப்பிடாமல், இரண்டு பக்கமும் 20 லட்சம் ஆக்குவோம். ஒரு பக்கம் டிரையர், வருடம் 6,50,000. மறு பக்கம் களமும், 12% தரும் இடத்தில் 18 லட்சமும். அந்த 18 லட்சம் ஐந்து வருடத்தில் அசலும் வட்டியுமாகத் திரும்பினால் வருடம் 4,99,338 தரும். களத்தின் 80,000-ஐச் சேர்த்தால் 5,79,338. இதே 20 லட்சத்துக்கு டிரையர் வருடாவருடம் 70,662 ரூபாய் அதிகம் தருகிறது.

களமும் 18 லட்சமும் சேர்ந்த இந்தக் கட்டுக்கு ஐஆர்ஆர் போட்டால் 13.8% பக்கம் வரும். டிரையருக்கு 18.72%. அளவைச் சமப்படுத்தியதும் ஐஆர்ஆரே டிரையரைத்தான் காட்டுகிறது. என்பிவிக்கு இந்த ஒட்டு வேலை தேவைப்படவில்லை. 12% தரும் பணத்துக்கு 12% தள்ளுபடியில் என்பிவி சுழியம், அதனால் மீதி 18 லட்சம் தானாகவே கணக்கில் அடங்கிவிடுகிறது.

வித்தியாசத்துக்கு மட்டும் ஒரு ஐஆர்ஆர்

சிலர் சதவீதத்தில் சொன்னால்தான் நம்புவார்கள். கடன் கொடுக்கிற இடத்திலும் சதவீதம் கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு பத்தி கூடுதலாகப் போடலாம். D பத்தியில் ஒவ்வொரு வரியிலும் டிரையரிலிருந்து களத்தைக் கழியுங்கள்:

```
D2: =C2-B2
=IRR(D2:D7)
```

D2 கழித்தல் 18,00,000. மற்ற ஐந்து வரியிலும் 5,70,000. ஐஆர்ஆர் 17.57%. களத்தோடு நிற்காமல் டிரையருக்குப் போனால் கூடுதலாகப் போடும் 18 லட்சம் 17.57% சம்பாதிக்கிறது. பணத்தின் செலவு 12%. ஆகவே போகலாம். இப்படிக் கூடுதல் செலவுக்குக் கிடைக்கும் வருவாயைப் பார்க்கும் முறையை அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1930இலேயே விளக்கியிருக்கிறார்.

கழிக்கும்போது எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும். D2 கழித்தல் குறியோடு இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிக் கழித்தாலும் ஷீட் அதே 17.57% தரும், ஆனால் அது கடன் வாங்குகிற மாதிரியான பணவரவு. முதலில் வரவு, பிறகு கொடுப்பு. அப்போது கூடுதல் சதவீதம் நல்லதா கெட்டதா என்பதே தலைகீழாகிவிடும்.

இந்த 17.57 இன்னொன்றையும் சொல்கிறது. அந்த விகிதத்தில் இரண்டு திட்டத்தின் என்பிவியும் சமம். அதற்குக் கீழே டிரையர் மேல், அதற்கு மேலே களம் மேல். சில விகிதங்களில் போட்டுப் பார்த்தோம்:

| விகிதம் | களம் என்பிவி | டிரையர் என்பிவி |
|---|---|---|
| 12% | 88,382 | 3,43,105 |
| 15% | 68,172 | 1,78,901 |
| 18% | 50,174 | 32,661 |
| 20% | 39,249 | −56,102 |

18% வரியைக் கவனியுங்கள். டிரையரின் என்பிவி அங்கேயும் லாபத்தில்தான் இருக்கிறது, அதன் ஐஆர்ஆரும் 18ஐத் தாண்டித்தான் நிற்கிறது. இருந்தாலும் அந்த விகிதத்தில் களத்தைத்தான் எடுக்க வேண்டும். லாபம் தருகிறது என்பது ஒன்று, மற்றதைவிட மேல் என்பது வேறொன்று. உங்கள் பணத்தின் செலவு 12% என்று நினைத்து, அது உண்மையில் 13 ஆகவோ 14 ஆகவோ இருந்தால் முடிவு மாறாது. தனியார் கடனில் 24% வட்டிக்குப் பணம் எடுத்து டிரையர் போடுவதாக இருந்தால் முடிவு முழுக்க மாறிவிடும்.

20 லட்சமே திரட்ட முடியாது, கடன் கிடைக்கவில்லை என்றால் டிரையர் பட்டியலிலேயே இல்லை. அப்போது களத்தைச் செய்வது சரி. ஆனால் அதற்குக் காரணம் பணம் இல்லாததுதான், 28.65% அல்ல. அறிக்கையிலும் அப்படியே எழுத வேண்டும். அடுத்த வருடம் கடன் கிடைக்கும் நிலை வந்தால் திரும்ப யோசிக்க அதுதான் இடம் கொடுக்கும்.

பெரிய திட்டத்தை எங்கே தட்டிப் பார்ப்பது

என்பிவி பெரியதைக் காட்டிவிட்டது என்பதற்காக உடனே கையெழுத்துப் போட நான் சொல்வதில்லை. களத்தில் கணக்கு தப்பினால் போவது அதிகபட்சம் 2 லட்சம். டிரையரில் தப்பினால் கடன் தவணை கழுத்தில் நிற்கும். டிரையர் களத்துக்கு மேலே நிற்க வருடம் 5,79,338 ரூபாயாவது தர வேண்டும் என்று மேலே பார்த்தோம். இந்த ரூபாயை மில்லில் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றாக மாற்ற வேண்டும்.

நாட்களாக மாற்றினோம். 42 நாள் மீட்டால் 5,96,000 வருகிறது, டிரையர் மேல். 41 நாள் என்றால் 5,78,000, களம் கொஞ்சம் மேல். 40, 41 நாட்களில் டிரையர் நஷ்டம் இல்லை, என்பிவி சுழியத்துக்கு மேலேயே இருக்கும். இருந்தும் களத்தை வெல்லாது. 39 நாளுக்கு வந்தால் நஷ்டமே வந்துவிடும். நாம் 45 என்று வைத்த கணக்குக்குக் கையிருப்பு வெறும் மூன்று நாள்.

அண்ணாச்சி மறுநாள் மில் நோட்டைக் கொண்டுவந்தார். அவிப்பு நின்ற நாட்களில் தேதிக்கு எதிரே "மழை" என்று எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. நான்கு வருடத்தை எண்ணினோம்: 47, 44, 51, 38. சராசரி 45. கணக்கில் வைத்த எண் சரிதான். ஆனால் 38 நாள் மட்டுமே நின்ற வருடமும் அதில் இருக்கிறது. அந்த மாதிரி வருடம் கடன் எடுத்த முதல் வருடமாகவே வந்தால் தவணைக்கு எங்கிருந்து பணம் என்பதற்கு அறிக்கையில் ஒரு பத்தி எழுதினோம். என்பிவி ஐந்து வருடத்தையும் கூட்டித்தான் பார்க்கும், எந்த மாதம் கை வறளும் என்று அது சொல்லாது. மாதவாரி பணவரவைத் தனியாகத்தான் எழுதிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மூட்டை. 120 என்பது டிரையர் விற்பவர் சொன்ன எண். நாள் 45 ஆகவே இருந்து மூட்டை 110 ஆகக் குறைந்தால் வருடம் 5,82,500, டிரையர் மயிரிழையில் மேல். 109 என்றால் 5,75,750, களம் மேல். விற்பவர் சொல்லும் எண் ஓரளவு ஈரம் வடிந்த நெல்லுக்கானதாக இருக்கலாம். நமக்கு வேண்டியது அவித்து இறக்கிய நெல், அதில் ஈரம் அதிகம், காய நேரமும் அதிகம் பிடிக்கும்.

அதனால் அண்ணாச்சியிடம் கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை சொன்னேன். அதே மாடல் டிரையர் ஓடுகிற ஒரு மில்லுக்கு, வெயில் இல்லாத ஒரு நாளில், காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போதே போய் உட்கார வேண்டும். அவித்த நெல்தான் ஏற்றுகிறார்களா என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் வரை இறங்கும் மூட்டைகளை அவரே எண்ண வேண்டும். 110க்கு மேல் வந்தால் டிரையர், அதற்குக் கீழே வந்தால் விற்பவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் புது எண்ணோடு ஷீட்டைத் திரும்பப் போடுவோம். அண்ணாச்சி வீரவநல்லூர் பக்கம் ஒரு மில்லில் சொல்லி வைத்துவிட்டு, மழைக்காகக் காத்திருக்கிறார்.